உப்பு குறைந்ததா, தண்ணீர் மிகுந்ததா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசு, உன் பெருமையைப் பேசாதே" என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் நான் செய்த ஒரு தவறைப் பற்றியே பேசுகிறேன். மாணவர்களுக்கு அதுதான் பயன்படும்.

1991-இல் நான் பி.ஜி. மாணவன். ஒரு சாயங்காலம் ஓர் அம்மாவை வார்டில் சேர்த்தார்கள். வயது 55, எடை 50 கிலோ. ஒரு மாதமாக இருமல், ஒரு வாரமாகச் சரியான சாப்பாடு இல்லை, இரண்டு நாளாகப் பேச்சில் குழப்பம். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. காலில் வீக்கம் இல்லை. சோடியம் 118, சர்க்கரை 108, யூரியா 24. நாக்கு வறண்டிருந்ததைப் பார்த்தேன். "சாப்பிடலை, உப்பு குறைஞ்சிருக்கு, உப்பு கொடுத்தால் சரியாகிவிடும்" என்று முடிவு கட்டி, இரவோடு இரவாக இரண்டு லிட்டர் நார்மல் சலைன் ஏற்றினேன்.

காலையில் சோடியம் 114. அந்த அம்மாவுக்கு வலிப்பு வந்துவிட்டது.

ரவுண்ட்ஸ் வந்த பேராசிரியர் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: "நீ கொடுத்த உப்பெல்லாம் எங்கேப்பா போச்சு?"

"தெரியலை சார்."

"யூரின் ஆஸ்மோலாலிட்டி எவ்வளவு?"

"அனுப்பலை சார்."

முதலில் வலிப்பை நிறுத்த 3 சதவீத உப்புநீரை 100 மி.லி. அளவில் கொடுக்கச் செய்தார். ரத்தம், சிறுநீர் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து, ஆஸ்மோமீட்டர் இருந்த வேறொரு லேபுக்கு என்னையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டி 240, சிறுநீருடையது 616. அன்று சாயங்காலம் அந்த இரண்டு எண்களை வைத்து அவர் நடத்திய பாடம்தான் இன்றைய என் பேச்சு.

ஆஸ்மோலாலிட்டி என்றால் ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்ற கணக்கு. உப்புத் தண்ணீர் லேசில் உறையாது அல்லவா? எவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையில் உறைகிறது என்று பார்த்தே அந்தக் கருவி அளக்கிறது. ரத்தத்தில் சாதாரண அளவு 275 முதல் 295 வரை.

ரத்தத்தின் எண்ணிடம் நாம் கேட்பது, "இது நிஜமாகவே நீர்த்துப்போன ரத்தமா?" என்பதுதான். சர்க்கரை 600 இருக்கும் நோயாளிக்கும் சோடியம் குறைவாகத்தான் காட்டும். சர்க்கரை செல்லிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடுவதே காரணம். அங்கே ஆஸ்மோலாலிட்டி தாழாது, ஏறியே இருக்கும். கொழுப்போ புரதமோ மிக அதிகமாக இருந்தால், ரத்தத்தை நீர்க்க வைத்து அளக்கும் கருவிகள் சோடியத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஆஸ்மோலாலிட்டி சரியாகவே இருக்கும். இந்த இருவருக்கும் சோடியம் குறைவு என்று வைத்தியம் செய்தால் தப்பாகிவிடும். இன்னொரு எச்சரிக்கை: சிறுநீரகம் பழுதானவருக்கு யூரியா ஏறி ஆஸ்மோலாலிட்டி சாதாரணம் போலத் தெரியும். யூரியா செல்லுக்குள் தாராளமாகப் போய்வருவதால் அது தண்ணீரை இழுக்காது. அதன் பங்கைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கருவி இல்லாத ஊரில், ரத்தத்துக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சோடியத்தை இரண்டால் பெருக்குங்கள். சர்க்கரையைப் பதினெட்டாலும் யூரியாவை ஆறாலும் வகுத்துக் கூட்டுங்கள். சோடியம் 114-க்கு 228, சர்க்கரைக்கு 6, யூரியாவுக்கு 4, மொத்தம் 238. அளந்தது 240. ஆக, அந்த அம்மாவுக்கு ரத்தம் நீர்த்திருந்தது நிஜம்.

சிறுநீரின் எண்ணிடம் கேட்பது வேறு கேள்வி: "ஏ.டி.எச். வேலை செய்கிறதா?" ரத்தம் நீர்த்திருந்தால் ஏ.டி.எச். நின்று, சிறுநீர் 100-க்கும் கீழே தண்ணீர் மாதிரிப் போக வேண்டும். அப்படிப் போனால் சிறுநீரகத்தின் மேல் குற்றமில்லை. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்திருப்பார், அல்லது உப்பும் புரதமும் இல்லாத வெறும் கஞ்சியில் காலம் தள்ளியிருப்பார். 100-க்கு மேல் இருந்தால், நிற்க வேண்டிய ஏ.டி.எச். நிற்கவில்லை என்று பொருள்.

எங்கள் நோயாளிக்கு 616. இப்போது பேராசிரியர் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 308 துகள்கள். இரண்டு லிட்டரில் 616. அந்த அம்மாவின் சிறுநீரகம் ஒரே லிட்டர் சிறுநீரில் 616-ஐயும் வெளியே தள்ளிவிடும். நான் கொடுத்த உப்பு முழுவதும் போய்விட்டது. ஒரு லிட்டர் தண்ணீர் மட்டும் உள்ளே தங்கிவிட்டது. உடம்பில் இருந்த 25 லிட்டர் 26 ஆனால், 118 ஏறக்குறைய 114 ஆகும். நான் உப்பு ஏற்றியதாக நினைத்தேன். உண்மையில் பச்சைத் தண்ணீரைத்தான் ஏற்றியிருக்கிறேன்! 3 சதவீத உப்புநீரில் லிட்டருக்கு 1026 துகள்கள். அது சிறுநீரைவிட அடர்த்தி என்பதால் பலித்தது.

ஏ.டி.எச். ஏன் நிற்கவில்லை என்பது அடுத்த கேள்வி. அதற்குச் சிறுநீர்ச் சோடியம் உதவும். 30-க்குக் கீழே என்றால், ரத்தவோட்டம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் நினைக்கிறது: வாந்திபேதி, இதயச் செயலிழப்பு, கல்லீரல் நோய் போன்றவை. அதற்கு மேலே என்றால் எஸ்.ஐ.ஏ.டி.எச்., அட்ரீனல் குறைவு, நீர்பிரியும் மாத்திரை ஆகியவற்றை நினைக்க வேண்டும். ஆனால் நான் சலைன் ஏற்றிய பிறகு எடுத்த சிறுநீர் அது. அதில் சோடியம் கூடியிருந்தால் என் டிரிப்பே காரணமாக இருக்கலாம். பாருங்கள், அவசரப்பட்டதில் ஒரு தடயத்தையே அழித்துவிட்டேன். நல்ல வேளை, யூரியா 24 என்பது வறட்சிக்குப் பொருந்தவில்லை. இரண்டு லிட்டருக்குப் பிறகும் 616 என்று நின்றது. மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. கார்டிசாலும் தைராய்டும் சரியாக இருந்தன. மார்பு எக்ஸ்ரேயில் காசநோய் தெரிந்தது. அது எஸ்.ஐ.ஏ.டி.எச்.-ஐக் கொண்டுவரும், அட்ரீனலையும் தாக்கும் என்பதால்தான் கார்டிசாலை விடாமல் பார்த்தோம். நாளுக்கு 800 மி.லி. தண்ணீர் என்று கட்டுப்படுத்தி, காசநோய்க்கு மருந்து கொடுத்தோம். பத்து நாளில் சோடியம் 130. அந்த அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. நிஜமாகவே வாந்திபேதியில் வறண்டவருக்குச் சலைன் ஏற்றினால் ஏ.டி.எச். சட்டென்று நின்றுவிடும். காலையில் 500 இருந்த சிறுநீர் மாலையில் 80 ஆகி, மணிக்கு 200, 300 மி.லி. என்று கொட்டும், சோடியம் விறுவிறுவென ஏறும். நாளொன்றுக்கு 8-க்கு மேல் ஏறவிட்டால் மூளைத்தண்டு கெடலாம். ஆகவே சிறுநீர் அளவு திடீரென்று கூடினால் நோயாளி தேறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டுத் தூங்கப் போகாதீர்கள். உடனே சோடியத்தைப் பாருங்கள்.

சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுநீருக்குக் கணக்குப் போட்டுத் தப்பிக்க முடியாது, அளந்தே ஆக வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் அடர்த்தி எண் கைகொடுக்கும்: 1.010 என்றால் சுமார் 300, 1.020 என்றால் சுமார் 600. சிறுநீரில் சர்க்கரையோ புரதமோ இருந்தாலும், ஸ்கேனுக்குச் சாய மருந்து போட்டிருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

தம்பி, தங்கைகளே, வலிப்போ மயக்கமோ இருந்தால் சிகிச்சையை எதற்காகவும் தாமதிக்க வேண்டாம். மற்றபடி, டிரிப் ஊசியைக் குத்தும் அதே நேரத்தில், பாட்டிலைத் திறக்குமுன், ரத்தமும் சிறுநீரும் எடுத்து வைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் எனக்கு அன்று தோன்றவில்லை.