குறும்பிக்குப் பின்னால்

மருத்துவர் காதுக்குள் காண்பதை நாங்களும் திரையில் பார்த்தோம். நல்ல செவிப்பறை முத்துப்போல் வெளிர்சாம்பலாயிருக்கும். முன்பக்கம் கீழே ஒளி கூம்புபோல் மின்னும். உள்ளே சீழ் கட்டினால் அது சிவந்து வெளியே புடைக்கும். அந்த ஒளியும் மறையும்.

அடுத்து ஒரு சிறுவனின் காது. பழுப்புக் குறும்பி வழியை அடைத்திருந்தது. "தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாமே" என்றார்கள் தாயார். "முன்பு சீழ் வடிந்ததா, அம்மா?" என்றார் மருத்துவர். "போன மழைக்காலத்தில் வடிந்தது." ஆகவே பீய்ச்சாமல், சிறு கொக்கியால் மெல்ல எடுத்தார். பின்னே, செவிப்பறை நடுவில் விளிம்பு தெளிந்த கரிய துவாரம்! தண்ணீர் அதன் வழியே நடுச்செவிக்குள் புகுந்து மறுபடியும் சீழ் பிடிக்கச் செய்திருக்கும். துவாரம் மேல்ஓரத்தில் இருந்தால் அவருக்கு இன்னும் கவலை. அங்கே வெண்தோல் செதில்கள் திரண்டு எலும்பையே அரிக்கக்கூடும்.