பி.சி.சி. விண்ணப்பம்: முகவரியையும் நோக்கத்தையும் சரியாக எழுதுவோம்

(வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கான வழிகாட்டிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, வெளிநாடு போகத் தயாராகிக்கொண்டிருக்கும் தம்பிகளே! போலீஸ் கிளியரன்ஸ் என்றும் பி.சி.சி. என்றும் நாம் சொல்லும் சான்றிதழைப் பற்றி இன்று பேச நினைக்கிறோம். நம் அறக்கட்டளைக்கு இது சம்பந்தமாக வருகிறவர்களில் பெரும்பாலோர் மேல் எந்த வழக்கும் இல்லை. ஆனாலும் சான்றிதழ் தள்ளிக்கொண்டே போகிறது. அதற்குள் விசா தேதி முடிந்துவிடுகிறது, ஏஜென்டுக்குக் கட்டிய பணமும் சிக்கிக்கொள்கிறது. விசாரித்துப் பார்த்தால், விண்ணப்பத்தில் இரண்டு இடங்களில்தான் கோளாறு இருக்கும். ஒன்று முகவரி, மற்றொன்று எதற்காக, எந்த நாட்டுக்கு என்ற பகுதி. இந்த இரண்டை மட்டும் இன்று பார்ப்போம்.

முதலில் எங்கே விண்ணப்பிப்பது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் சரிபார்ப்புச் சான்று ஒன்று தருகிறார்கள். உள்ளூர்க் கம்பெனி வேலை, வாடகை வீடு, வீட்டு வேலை போன்றவற்றுக்கு அது. வெளிநாட்டு வேலைக்கு உரிய பி.சி.சி.யைத் தருவது பாஸ்போர்ட் அலுவலகம். passportindia.gov.in என்ற தளத்தில் பதிவு செய்து, 500 ரூபாய் கட்டி, நாள் குறித்துக்கொண்டு நேரில் போக வேண்டும். நம் திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, காவல்துறைச் சான்றை வாங்கிக்கொண்டு போய் ஏஜென்டிடம் கொடுத்து, அவர் திருப்பி அனுப்பிய பிறகு நம்மிடம் வந்தவர்கள் உண்டு. அந்த அலைச்சல் வேண்டாம்.

இப்போது நோக்கத்துக்கு வருவோம். வேலை, குடியேற்றம், நீண்டகாலத் தங்கல் போன்ற காரணங்களுக்குத்தான் பி.சி.சி. தருவார்கள். சுற்றுலா விசாவில் போகிறவருக்குத் தருவதில்லை. இது சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால், "முதலில் விசிட் விசாவில் போ, அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜென்டுகள் நம் ஊருக்கும் வருகிறார்கள். அவர்களை நம்பிய தம்பி நோக்கம் என்ற இடத்தில் வேலை என்று எழுதுவார். கையில் காட்டுவதற்கு வேலை ஒப்பந்தமும் இருக்காது, வேலை விசாவும் இருக்காது. கவுண்டரில் கேட்கும்போது விழிக்க வேண்டியதுதான். அந்த இடத்தில் நின்றுபோவது ஒரு வகையில் நல்லது என்றே நாம் சொல்வோம். பி.சி.சி. கேட்காமலே விசிட் விசாவில் அழைத்துப்போகும் ஏஜென்டை விட, ஒப்பந்தத்தை எடு என்று கேட்கும் கவுண்டர் நமக்கு நன்மை செய்கிறது.

எந்த நாடு என்ற இடத்தையும் அலட்சியமாக நிரப்பக் கூடாது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாட்டின் பெயர் சான்றிதழிலேயே வந்துவிடும். இந்தப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் மேல் அந்த நாட்டுக்குப் பயணிக்கத் தடையாகும் பாதகமான தகவல் எதுவும் இல்லை என்பதுதான் சான்றிதழின் சாரம். குவைத் என்று வாங்கிய சான்றைக் கத்தாருக்குக் காட்ட முடியாது, மறுபடி விண்ணப்பித்து மறுபடி 500 ரூபாய் கட்ட வேண்டும். "எந்த நாடு என்று இன்னும் முடிவாகவில்லை, இப்போதே எடுத்து வைத்துக்கொள்கிறேன்" என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி எடுத்து வைப்பதில் பயனில்லை. மேலும், சான்றிதழ் எத்தனை மாதத்துக்குச் செல்லும் என்பதைக் கேட்கிற நாடுதான் முடிவு செய்கிறது. மிக முன்கூட்டி வாங்கினால் அங்கே பழையதாகிவிடும். வேலை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் விண்ணப்பிப்பதே சரி.

பத்தாம் வகுப்பு முடிக்காத தம்பிகளின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர். வகையில் இருக்கும். சவூதி, குவைத், கத்தார், ஓமன், அமீரகம், பஹ்ரைன், மலேசியா எல்லாம் இ.சி.ஆர். நாடுகள். இவர்கள் அந்த நாடுகளில் வேலைக்கென்று பி.சி.சி. கேட்டால், முதலாளியோடு செய்த ஒப்பந்தம், விசா நகல் இவற்றைக் காட்ட வேண்டும். விசா அரபியில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். ஏஜென்ட் மூலம் போகிறவர் அவருடைய பதிவுச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்டா என்பதை eMigrate தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும், அவ்வளவுதான்.

அடுத்து முகவரி. இதை ஓர் உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும்.

ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். குவைத்தில் டிரைவர் வேலை கிடைத்திருக்கிறது. 2019இல் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பம் பேகம்பூரில் வாடகை வீட்டில் இருந்தது. 2023 ஜூலையில் நாகல் நகருக்கு மாறினார்கள். 2024 செப்டம்பரிலிருந்து 2025 ஜூன் வரை இவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காக நண்பர்களோடு அறையெடுத்துத் தங்கினார். ஜூலையில் வீட்டுக்குத் திரும்பி, ஆகஸ்டில் பி.சி.சி.க்கு விண்ணப்பிக்கிறார். ஆதாரில் இன்னும் பேகம்பூர்தான் இருக்கிறது.

பிரவுசிங் சென்டரில் என்ன செய்வார்கள்? பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் ஒரே முகவரி இருக்கிறதே என்று, தற்போதைய முகவரியாகப் பேகம்பூரையே அடித்துவிடுவார்கள். காகிதத்தில் எல்லாம் பொருந்தும். விசாரணைக்குக் காவலர் பேகம்பூருக்குப் போவார். அங்கே வேறு குடும்பம் இருக்கும். "அவங்க காலி பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சே" என்பார்கள். அந்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போகும். தம்பி எந்தத் தவறும் செய்தவர் அல்ல, ஆனால் கோப்பில் பாதகமான அறிக்கை ஏறிவிட்டது.

இன்னொரு வகையும் உண்டு. நாகல் நகர் முகவரியைச் சரியாகப் போட்டுவிட்டு, 2023 ஜூலையிலிருந்து தொடர்ந்து இங்கேதான் இருக்கிறேன் என்று எழுதுவார். திருப்பூரைச் சொன்னால் அங்கேயும் விசாரணை போய்த் தாமதமாகுமே என்ற பயம். ஆனால் பக்கத்து வீட்டு அம்மா காவலரிடம் வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார்: "நல்ல பிள்ளைங்க, இப்பத்தான் திருப்பூர்ல இருந்து வந்திருக்கு." அந்தம்மா நல்லதைத்தான் சொன்னார். எழுதியதும் சொன்னதும் பொருந்தாததால் சந்தேகம் வந்துவிடுகிறது. திருப்பூரில் விசாரிப்பதால் சில நாள் கூடும். மறைத்தது வெளிப்பட்டால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் அந்தத் தம்பி என்ன செய்ய வேண்டும்? விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே ஆதாரில் நாகல் நகர் முகவரியை மாற்றிவிட வேண்டும். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இன்றிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். 2025 ஜூலை முதல் இன்றுவரை நாகல் நகர். 2024 செப்டம்பர் முதல் 2025 ஜூன் வரை திருப்பூர். 2023 ஜூலை முதல் 2024 ஆகஸ்ட் வரை நாகல் நகர். அதற்கு முன் பேகம்பூர். மாதங்களுக்கு நடுவே ஓட்டை விழக் கூடாது. கடந்த ஓராண்டில் எங்கெங்கே இருந்தார் என்பதுதான் விசாரணையில் முக்கியமாகப் பார்க்கப்படும். அதனால் திருப்பூர் அறையின் கதவு எண், தெரு, வீட்டுக்காரர் பெயர், அவருடைய செல் எண், கம்பெனி தந்த கடிதம் அல்லது பி.எப். சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். இந்தத் தாளைப் பார்த்தே விண்ணப்பத்தை நிரப்பட்டும். காவலர் வரும்போதும் இதே தாள் கையில் இருக்கட்டும். இரண்டு இடத்திலும் ஒரே பதில் வரும்.

பாஸ்போர்ட்டில் உள்ள முகவரி பழையதாயிற்றே என்று அவர் பயப்பட வேண்டியதில்லை. இப்போது வசிக்கும் இடத்தைத் தற்போதைய முகவரியாகக் கொடுத்து ஆதாரமும் காட்டினால், அந்த முகவரியில் காவல் விசாரணை நடக்கும். பாஸ்போர்ட் எடுத்தபோது நடந்த விசாரணை தெளிவாக இருந்து, முகவரியும் மாறாதவர்களுக்குச் சில சமயம் போன அன்றைக்கே சான்றிதழ் கிடைப்பதுண்டு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரே நாளில் கிடைத்ததே, எனக்கு ஏன் மூன்று வாரம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

முகவரிப் பகுதியில் காவல் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. பலர் பட்டியலில் திண்டுக்கல் என்று முதலில் தெரிவதைத் தொட்டுவிடுகிறார்கள். நம் நகரத்திலேயே பல நிலையங்கள் இருக்கின்றன, நகரை ஒட்டிய கிராமங்களுக்குத் தாலுகா நிலையம் தனி. தவறான நிலையத்துக்குப் போன கோப்பு, "எங்கள் எல்லை அல்ல" என்று திரும்புவதற்குள் நாட்கள் ஓடிவிடும். தெருவில் விசாரித்து, எந்த நிலையம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கதவு எண்ணிலும் பழைய எண், புதிய எண் என இரண்டு இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். வீட்டு வாசலில் ஒரு எண்ணும் ஆதாரில் வேறு எண்ணும் இருப்பது நம் பக்கத்தில் சகஜம்.

ஜமாஅத் கடிதம் முகவரிக்குப் போதுமா என்று கேட்கிறார்கள். கவுண்டரில் அது முகவரி ஆதாரமாகாது. ஆதார், வாக்காளர் அட்டை, கேஸ் இணைப்புப் புத்தகம், மின் கட்டண ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவைதான் வேண்டும். பெயர் விஷயத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே அடியுங்கள். முகமது, முஹம்மது, மொஹம்மத் என்று நாம் பலவிதமாக எழுதுகிறோம். அத்தா பெயரும் அப்படியே.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பி.சி.சி. இந்தியாவைப் பற்றி மட்டுமே பேசும். கத்தாரில் நான்கு வருடம் இருந்துவிட்டு வேறு நாட்டுக்குப் போகிறவரிடம், அந்த நாடு கத்தார் போலீஸ் சான்றையும் கேட்கலாம். நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகும் நம் பெண் பிள்ளைகளிடம், கடந்த 10 ஆண்டுகளில் 12 மாதமோ அதற்கு மேலோ தங்கிய ஒவ்வொரு நாட்டின் சான்றையும் கேட்கிறார்கள். ஆகவே அந்தத் தாளில் வெளிநாட்டு முகவரிகளையும் தேதிகளையும் சேர்த்து எழுதுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் உள்ள வருகை, புறப்பாட்டு முத்திரைகளைப் பார்த்தால் தேதி கிடைக்கும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பாதகமான அறிக்கை ஏற்கெனவே போய்விட்டவர்களும் இந்த அவையில் இருக்கலாம். தளத்தில் கோப்பு எண்ணைப் போட்டால் நிலை தெரியும். பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பதில் கொடுக்காமல் இருக்காதீர்கள், அதை விட்டுவிட்டுப் புதிதாக இன்னொரு விண்ணப்பமும் போடாதீர்கள். சரியான முகவரி ஆதாரத்தோடும், முன்பு சொன்ன தாளோடும் நேரில் போய், மறுவிசாரணை கேட்டு எழுதிக் கொடுங்கள். விசாரணைக்கு வருகிறவருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கட்டணம் அந்த 500 ரூபாயோடு முடிந்தது.

தாள் எழுதத் தடுமாறுகிறவர்கள் மஃரிபுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். பாஸ்போர்ட், ஆதார், வேலை ஒப்பந்தம் மூன்றையும் எடுத்து வாருங்கள். கூடவே அம்மாவையோ அண்ணனையோ அழைத்து வந்தால் நல்லது, வீடு மாறிய மாதம் அவர்களுக்குத்தான் சரியாக நினைவிருக்கும்.

வஸ்ஸலாம்.