வெந்தயமும் தண்ணீர்விட்டான் கிழங்கும்

பிள்ளை பெற்ற வீட்டில் பால் போதவில்லை என்ற பேச்சு எழுந்தால் அடுக்களையில் வெந்தயம் ஊறத் தொடங்கிவிடும். அடுத்து நாட்டுமருந்துக் கடையில் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி. சதாவரி என்று டப்பாவில் விற்பதும் இதுதான்.

இந்தக் கிழங்கை இந்தியாவிலேயே இரண்டு முறை சோதித்திருக்கிறார்கள். 1996-இல் வெளியான ஆய்வில் 64 தாய்மார். ஒரு பிரிவுக்கு இந்தக் கிழங்கு கலந்த மருந்து, இன்னொன்றுக்கு வெற்று மருந்து. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோனில் வித்தியாசம் தெரியவில்லை. 2011-இல் வெளியான ஆய்வில் 60 தாய்மார். உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வீதம், அதாவது 50 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 3 கிராம் பொடி. இம்முறை புரோலாக்டின் சுமார் 33 சதவீதம் கூடியது. வெற்று மருந்துப் பிரிவில் சுமார் 10 சதவீதம்தான். எதை நம்புவது? இரண்டும் சிறிய ஆய்வுகள் என்பதால் முடிவு சொல்ல இவை போதாது.

வெந்தயத்தின் கதையும் இப்படித்தான். துருக்கியில் வெந்தயம் கலந்த மூலிகைத் தேநீர் குடித்த தாய்மாருக்குப் பால் கூடியது. ஆனால் அதில் வேறு மூலிகைகளும் இருந்ததால் பெருமை யாருக்கு என்று பிரிக்க முடியாது. வெந்தயத்துக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட அளவு கிடையாது. நாளுக்கு 1 முதல் 6 கிராம் வரை வழக்கத்தில் உண்டு. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி விதையே ஏறக்குறைய 4 கிராம் வரும். வழக்கமான அளவுக்கு மேல் போனால் தாய்க்கு வயிற்றுப்போக்கு வரலாம், சில சமயம் பிள்ளைக்கும். சர்க்கரை மருந்தோ இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ எடுப்பவர்களும், கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களும், மீண்டும் கருத்தரித்தவர்களும் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது.

வெந்தயத்தைப் பிள்ளைக்கே கொடுப்பது வேறு விஷயம். 1999-இல் மருத்துவ இதழில் பதிவான ஒரு சம்பவம்: ஐந்து வாரக் குழந்தை ஒன்றுக்கு வயிற்று உப்புசம் தீர வெந்தயத் தேநீர் புகட்டினார்கள். குழந்தை சில நிமிடம் நினைவிழந்தது. சிறுநீரில் காய்ச்சிய பாகு வாசனை. மேப்பிள் சிரப் நோய் என்ற ஆபத்தான பிறவிக் கோளாறோ என்று மருத்துவர்கள் பதறிச் சோதித்தார்கள். நோய் இல்லை. வாசனைக்குக் காரணம் வெந்தயத்திலுள்ள சோட்டோலோன் என்ற பொருள். தாய் சாப்பிட்டாலும் இந்த வாசனை பிள்ளையிடம் வரலாம். அப்போது மருத்துவரிடம் வெந்தயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பால் உண்மையிலேயே குறைவா என்பதை மார்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பியதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் பிள்ளை மார்பை வாய் நிறையக் கவ்வுகிறதா, இரவிலும் சேர்த்து எட்டுப் பத்து முறை குடிக்கிறதா என்று ஒரு செவிலியர் பக்கத்திலிருந்து கவனிக்கட்டும். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்து, எழுப்பியும் குடிக்க மறுத்தால், பொடி தேடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.