சண்டையும் வன்முறையும் ஒன்றல்ல

(சித்தூரில் உழைக்கும் பெண்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“சண்டை இல்லாத வீடு ஏது?” என்று கூறியே, அடிபட்டு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். சண்டை வேறு, வன்முறை வேறு. சண்டையில் இருவரும் பேச முடியும். மறுநாள் இருவரும் அவரவர் போக்கில் நடமாட முடியும். ஒருவரின் அச்சத்தின் மீது மற்றவரின் அதிகாரம் நிற்குமானால் அது வன்முறை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். சித்தூர்ப் பெண்; மணமாகித் திருப்பதியில் வாழ்கிறாள். சம்பளத்தைக் கணவன் வாங்கிக்கொள்கிறான். தொலைபேசியைச் சோதிக்கிறான். பிறந்த வீட்டாருடன் பேசினால் பிள்ளைகள் முன் இழிவாகப் பேசுகிறான். இதுவரை அவன் கை நீட்டவில்லை. ஆயினும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், உடல், பாலியல் வன்முறைகளோடு சொல்லாலும் மனத்தாலும் பொருளாதாரத்தாலும் இழைக்கப்படும் கொடுமையையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. ஒருநாள் அவன் அவளது கழுத்தை நெரிக்கிறான். காயத்தடம் இல்லாவிட்டாலும், அது உயிருக்கு நேரும் ஆபத்தின் மிகக் கடுமையான அறிகுறி. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடந்ததை மருத்துவக் குறிப்பில் பதியச் செய்ய வேண்டும்.

அவள் உடனே வெளியேற வேண்டுமா? பிரிந்து செல்லும் வேளையே பெரும்பாலும் மிகுந்த ஆபத்தானது. எனவே போகப்போவதைச் சொல்லி மிரட்டக் கூடாது. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ், மருந்து, பேருந்துச் செலவுக்கான பணம் ஆகியவற்றை நம்பிக்கைக்குரிய தோழி ஒருவரிடம் முன்பே சேர்த்துவைக்கலாம். சண்டை மூளும்போது கத்தியும் நெருப்பும் உள்ள சமையலறையைத் தவிர்த்து, வாசல் உள்ள பக்கம் நிற்க வேண்டும். அண்டை வீட்டாருடன் ஒரு சொல்லை அடையாளமாக வைத்துக்கொண்டால், அதைக் கேட்டதும் அவர்கள் 112ஐ அழைப்பார்கள். அவன் எடுத்துப் பார்க்கும் தொலைபேசியில் இத்திட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

பெண்கள் உதவி எண் 181. பாதுகாப்பு அலுவலர் வன்முறை அறிக்கையைத் தயாரிப்பார். 2006ஆம் ஆண்டு விதிகளின் ஐந்தாம் படிவமே ‘பாதுகாப்புத் திட்டம்’தான். நடந்த வன்முறை, அவள் அஞ்சுவது, வேண்டும் பாதுகாப்பு, கோரும் ஆணை ஆகியவை அதில் எழுதப்படும். 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதே என்று அவள் தயங்க வேண்டியதில்லை. தற்காலிகமாகத் தங்கியுள்ள ஊரின் நீதித்துறை நடுவரிடமும் மனு கொடுக்கலாம் என்கிறது 27ஆம் பிரிவு. தாய் வீடு சேர்ந்தபின் சித்தூரிலேயே கொடுக்கலாம். பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை 17ஆம் பிரிவு காக்கிறது. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஆனால் ஆணை என்பது காகிதம். அது கதவைத் தடுத்து நிற்காது. ஆகவே ஆணை கிடைத்த பின்னும் அந்த அடையாளச் சொல் வேண்டும். அதைக் கேட்டு ஓடிவரும் அண்டை வீடும் வேண்டும். அந்த அண்டை வீடு நாமாக இருப்போம்.