நனைந்த ஷூ காலைக்குள் காய

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஒரு குடியிருப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் எனக்கு ஐந்தே நிமிடம் கொடுத்திருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் பிளாக் காரிடாரில் ஈர ஷூக்கள் வரிசையாக நிற்கும். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். அவசரத்தில் ஹேர் டிரையரை ஷூவுக்குள் விடுகிறோம், இல்லையென்றால் மழை விட்ட மதியம் மொட்டை மாடி வெயிலில் வைக்கிறோம். இரண்டும் வேண்டாம். ஸ்னீக்கரின் அடிப்பாகத்தைத் தொழிற்சாலையில் பசையைச் சூடாக்கித்தான் ஒட்டுகிறார்கள். மறுபடி நல்ல சூடு பட்டால் அந்தப் பசை இளகும். நடுவில் இருக்கும் ஃபோமும் சூட்டில் சுருங்கும், அதுவும் வெயில் படும் பக்கம் அதிகமாகச் சுருங்கும். ஷூவைத் தரையில் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் படகு மாதிரி வழக்கத்தைவிட மேலே தூக்கி நின்றாலோ, விரல் வளையும் இடத்தில் வாய் பிளந்தாலோ, சூடு பட்டிருக்கலாம்.

சரி, சூடு இல்லாமல் எப்படிக் காய வைப்பது? மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே முடிந்த அளவு நீரைப் பிழிந்தும் உறிஞ்சியும் வெளியே எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை மட்டும் காற்றிடம் விடுங்கள்.

எங்கள் வீட்டு ஷூ ஒன்றைச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். (வீட்டில் திட்டு வாங்கினேன், அது வேறு கதை.) காய்ந்த ஷூ 290 கிராம். மாலை ஆறு மணிக்கு நனைந்து வந்தபோது 440. ஒரு ஷூவுக்குள் 150 கிராம் தண்ணீர்!

தேங்கிய தண்ணீரில் நடந்து வந்த ஷூ என்பதால் முதலில் நல்ல தண்ணீரில் அலசினேன். சாக்கடை கலந்த நீர் அப்படியே காய்ந்தால் நாற்றம் போகாது. பிறகு லேஸைக் கழற்றி, நாக்கை முன்னே இழுத்து, உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்தேன். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இன்சோல் உள்ளே இருந்தால் அதன் அடியில் இருக்கும் ஈரம் இரண்டு நாளானாலும் போகாது. அடுத்து, பழைய டவலை உள்ளேயும் வெளியேயும் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். முறுக்கிப் பிழியக் கூடாது. இதிலேயே 365 கிராமுக்கு இறங்கிவிட்டது. பாதி வேலை பத்தே நிமிடத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகு செய்தித்தாள். தளர்வாகக் கசக்கி விரல் முனை வரை திணியுங்கள். இறுக்கித் திணித்தால் ஷூ உப்பிப் போகும். முதல் தாள் அரை மணியில் சொதசொதவென்று ஆகிவிடும், மாற்றுங்கள். ஈரத் தாளை இரவு முழுக்க உள்ளேயே விட்டால் அதுவே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளை ஷூ என்றால் மை ஒட்டும், அதற்கு டிஷ்யூ பேப்பர் போதும். மூன்று முறை மாற்றியதும் ஒன்பது மணிக்கு 325.

இனி தாள் வேண்டாம், காற்றுதான். டேபிள் ஃபேன் முன்னால், ஒன்றரை அடி தள்ளி, ஷூவின் வாய் ஃபேனைப் பார்க்கும்படி சுவரில் சாய்த்து வைத்தேன். சீலிங் ஃபேன் காற்று ஷூவுக்குள் போகாது. ஏ.சி. இருந்தால், கதவைச் சாத்திய அறையில் 'டிரை' மோடில் ஓடவிட்டு, கூடவே ஃபேனும் போடுங்கள். அறைக் காற்றின் ஈரத்தை ஏ.சி. இழுத்து வெளியே குழாயில் விட்டுவிடும். காலை ஆறு மணிக்கு 295 கிராம். போட்டுக்கொண்டு போகலாம்.

போன வாரம் ஒரு அம்மா, "அரிசிக்குள் போட்டு வைக்கலாமா? ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா பாக்கெட் போதுமா?" என்று கேட்டார். அந்தச் சின்னப் பாக்கெட் தன் எடையில் பாதியைக்கூட உறிஞ்சாது. நூறு கிராம் தண்ணீருக்கு எத்தனை பாக்கெட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி வீண்.

தராசு இல்லாதவர்கள் இன்னொரு விதமாகப் பார்க்கலாம். காய்ந்த தாள் துண்டு ஒன்றை விரல் முனைப் பகுதியில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். மொறமொறப்பு போய்த் துவண்டிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஷூவை அன்று போட வேண்டாம், செருப்போடு அனுப்பி டீச்சருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ஈர ஷூவில் நாள் முழுக்க இருந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும்.

லெதர், சூயிட் ஷூவுக்கு இது முழுதாகப் பொருந்தாது. அவற்றை அலசாமல், தாளும் நிழலும் வைத்து இரண்டு நாள் பொறுக்க வேண்டும். கடைசியாக, ஃபேனை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். காரிடாரில் எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஈரத் தரையில் போடாதீர்கள்.