ஒரு பயான், ஐந்து சிறு செய்திகள்: நிபந்தனை உதிராமல் அனுப்புவது எப்படி?

(அறக்கட்டளையின் தன்னார்வலர்கள், மஹல்லாவாசிகள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஒவ்வொரு ஷஅபான் மாதமும் நாம் ஜகாத் பயான் ஒன்று ஏற்பாடு செய்கிறோம். ஹஜ்ரத் அவர்கள் ஒரு மணி நேரம் விளக்குகிறார்கள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் மக்ரிபுக்குப் பள்ளிக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிடும் பெரியவர்கள்தாம். நகையைப் பீரோவில் வைத்திருக்கும் தாய்மார்கள் அந்த நேரத்தில் அடுப்படியில் இருக்கிறார்கள். வேலைக்குப் போன பிள்ளைகளோ இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள். கணக்குப் பார்க்க வேண்டியவர்களிடம் அந்தப் பயான் போய்ச் சேருவதே இல்லை.

அதனால்தான், அதே பயானைச் சிறு சிறு செய்திகளாக வாட்ஸ்அப்பில் அனுப்புவோம், நம் மடலிலும் ஒரு பக்கம் போடுவோம் என்று முடிவு செய்தோம். முதல் தடவை செய்தபோது ஒரு பெரிய தவறு நடந்தது. அதிலிருந்து கற்றுக்கொண்டதை உங்கள் முன் வைக்கத்தான் இன்று நிற்கிறோம்.

நம் ஊரில் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரண்டு மத்ஹபைப் பின்பற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நகை விஷயத்தில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பெண்கள் வழமையாக அணிகிற, அனுமதிக்கப்பட்ட நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஜகாத் கடமை இல்லை. ஹனஃபி மத்ஹபில், அணிந்தாலும் அணியாவிட்டாலும், தங்கம் நிஸாபை எட்டிவிட்டால் ஜகாத் கடமை. ஹஜ்ரத் இரண்டையும் தெளிவாகச் சொன்னார்கள். நாம் அனுப்பிய செய்தியில் இருந்தது ஒரே வரிதான்: "அணியும் நகைக்கு ஜகாத் இல்லை." மத்ஹபின் பெயர் அடுத்த செய்தியில் இருந்தது. முதல் செய்தி ஊரெல்லாம் சுற்றியது. இரண்டாவது செய்தி நம் குழுவைத் தாண்டவே இல்லை.

ஹனஃபி குடும்பத்துத் தாய் ஒருவரிடம் 14 பவுன் நகை இருந்தது. வருடா வருடம் கணக்குப் பார்த்துக் கொடுத்து வந்தவர் அவர். அந்த வருடம், "டிரஸ்டிலேயே போட்டிருக்கிறார்களே" என்று நம்பிக் கொடுக்காமல் இருந்துவிட்டார். அடுத்த வருடம் நம்மிடம் வந்து கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. 14 பவுன் என்றால் 112 கிராம். அதில் இரண்டரை சதவீதம் 2.8 கிராம். விடுபட்ட அந்தக் கடமையை அவர் பிறகு நிறைவேற்றினார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த 2.8 கிராமின் பெறுமதி ஒரு வருடம் முன்பே ஓர் ஏழையின் கைக்குப் போயிருக்க வேண்டியது. அதைத் தடுத்தது நம் ஒரு வரி.

செய்தியை அழித்தோம். நம் குழுவில் அது மறைந்தது. பிறர் ஃபார்வர்ட் செய்த பிரதிகள் அப்படியே இருந்தன. நாம் திருத்தினாலும் அழித்தாலும் அந்தப் பிரதிகளில் எதுவும் மாறாது. போனது போனதுதான்.

அதிலிருந்து நாம் வகுத்துக்கொண்ட அடிப்படை விதி ஒன்றே ஒன்று. பயானிலிருந்து பிரித்தெடுத்த ஒவ்வொரு துண்டும் தனியாகத்தான் பயணம் செய்யும். முன்னால் என்ன சொன்னோம், பின்னால் என்ன வரப்போகிறது என்பது படிப்பவருக்குத் தெரியாது. ஆகவே சட்டம் எந்த வாக்கியத்தில் இருக்கிறதோ, அதன் நிபந்தனையும் அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும். "தொடரும்" என்று போட்டு நிபந்தனையை மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.

இப்போது நாம் செய்யும் முறையைச் சொல்கிறோம்.

பயான் நடக்கும்போது ஒரு கைபேசியை ஹஜ்ரத்தின் மேசை மீது வைத்து ஒலிப்பதிவு செய்கிறோம். இதற்கு அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுகிறோம். ஒரு தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, மக்கள் கேட்கும் கேள்விகளை மட்டும் நோட்டில் எழுதுகிறார். முன்பு பயானின் தலைப்புகளை வைத்து, "ஜகாத்தின் சிறப்பு", "ஜகாத்தின் நிபந்தனைகள்" என்று பிரித்தோம். அதை யாரும் படிக்கவில்லை. கேள்விகளை வைத்துப் பிரித்த பிறகுதான் படித்தார்கள். ஏனென்றால் ஒருவர் கேட்ட கேள்வி, கேட்கக் கூச்சப்பட்ட பலரின் மனதிலும் இருக்கிறது.

சென்ற பயானில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் ஐந்து. ரமலானில்தான் கொடுக்க வேண்டுமா? அணியும் நகைக்கு உண்டா? நகை கொஞ்சம்தான், ஆனால் பேங்கில் பணம் இருக்கிறது, அதற்கு உண்டா? உடன்பிறந்த சகோதரிக்குக் கொடுக்கலாமா? பள்ளிவாசல் கட்டடத்துக்குக் கொடுக்கலாமா? ஐந்து கேள்விகளுக்கு ஐந்து செய்திகள். கேட்டவர் யார் என்பதை எந்தச் செய்தியிலும் காட்டுவதில்லை. "அடகு வைத்த ஒரு சகோதரி கேட்டார்" என்று எழுதினாலே தெருவில் யாரென்று தெரிந்துவிடும்.

நகைச் செய்தியை இப்போது இப்படி எழுதுகிறோம்:

"அணியும் நகைக்கு ஜகாத் உண்டா? ஹனஃபி மத்ஹபில், அணிந்தாலும் 87.48 கிராம் (11 பவுனுக்குச் சற்றுக் குறைவு) தங்கம் ஒரு சந்திர வருடம் இருந்தால் ஜகாத் கடமை. ஷாஃபிஈ மத்ஹபில், வழமையாக அணியும் அனுமதிக்கப்பட்ட நகைக்குக் கடமை இல்லை, சேமிப்பாக வைத்த தங்கம் நிஸாபை எட்டி ஒரு சந்திர வருடம் இருந்தால் உண்டு. உங்கள் கணக்கை ஹஜ்ரத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள்."

இதில் எந்தத் துண்டை வெட்டி எடுத்தாலும் மத்ஹபின் பெயர் கூடவே வருகிறது, பாருங்கள். முன்பு ஒரு வரியாக இருந்தது இப்போது நான்கு வரி. நீளம்தான். ஆனாலும் இதற்கு மேல் சுருக்கினால் தவறாகிவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு இதுவே அளவுகோல்: ஒரு சொல்லை எடுத்தால் யாரோ ஒருவருக்குச் சட்டம் மாறிப்போகிறது என்றால், அந்தச் சொல் இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது கேள்வியில் இன்னொரு பொறி இருக்கிறது. மேலே உள்ள செய்தியைப் படித்த ஒருவர், "அப்படியானால் 11 பவுனுக்குக் கீழ் இருந்தால் ஒன்றும் இல்லை" என்று தாமாக முடிவு செய்துவிடுவார். ஹனஃபி மத்ஹபில் அது சரியல்ல. 5 பவுன் நகையோடு பணமும் இருந்தால் இரண்டின் பெறுமதியையும் கூட்ட வேண்டும். கடன் போக மீதி, 612.36 கிராம் வெள்ளியின் விலையை எட்டினால் ஜகாத் வந்துவிடும். அதனால் நகைச் செய்தி போன மறுநாளே இந்தச் செய்தியை அனுப்பினோம். அது போதாது என்று பிறகு தோன்றியது. இந்த ரமலானுக்கு நகைச் செய்தியின் கடைசியிலேயே, "இதைவிடக் குறைவாக நகை வைத்து, பணமும் வைத்திருக்கும் ஹனஃபிகளுக்குக் கணக்கு வேறு" என்று ஒரு வரி சேர்க்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

எண்களில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கிறோம். ஒன்று, ரூபாயில் எழுதுவதில்லை, கிராமில்தான் எழுதுகிறோம். தங்கம் வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறும். இன்று ரூபாய் போட்டு எழுதிய செய்தி அடுத்த வருடமும் சுற்றும், படிப்பவர் அதையே வைத்துக் கணக்குப் போடுவார். இரண்டாவது, தங்கத்தின் நிஸாபுக்கு 85 கிராம் என்றும் 87.48 கிராம் என்றும் இரண்டு எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. 20 மிஸ்கால் என்ற பழைய எடையைக் கிராமுக்கு மாற்றுவதில் வந்த வேறுபாடு அது. நம் ஹஜ்ரத் சொன்ன எண்ணையே எல்லாச் செய்தியிலும் மடலிலும் ஒரே மாதிரி போடுகிறோம். செய்தியில் ஓர் எண், மடலில் வேறோர் எண் என்று இருந்தால் மக்கள் இரண்டையும் நம்ப மாட்டார்கள்.

சகோதரியைப் பற்றிய கேள்வி சுலபமானது: "உங்கள் பராமரிப்பில் இல்லாத, ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழைச் சகோதரிக்கு ஜகாத் கொடுக்கலாம்; பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜகாத்திலிருந்து கொடுக்க முடியாது." இதைக் குரல் பதிவாகவும் அனுப்பினோம். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் பெரியம்மாக்கள் பலர் நம் மஹல்லாவில் உண்டு. ஒரு நிமிடத்துக்குள் ஹஜ்ரத்தின் குரலிலேயே இருந்தால் கேட்கிறார்கள். ஒலிப்பதிவிலிருந்து அப்படியே வெட்டினால், "முன்னே சொன்ன மாதிரி" என்பது போன்ற சொற்கள் உள்ளே வந்துவிடும். அதனால் அந்தப் பதிலை மட்டும் தனியாக மறுபடி பேசித் தரச் சொல்லி வாங்குகிறோம்.

ஐந்தையும் ஒரே நாளில் கொட்டுவதில்லை. பயான் முடிந்த வாரம் தொடங்கி, இரண்டு நாளைக்கு ஒன்றாக இஷாவுக்குப் பிறகு அனுப்புகிறோம். முதல் செய்தி எப்போதும், ஜகாத் ரமலானுக்கு மட்டும் உரியதல்ல, நிஸாப் கைக்கு வந்து சந்திர வருடம் ஒன்று நிறையும் நாளே கணக்கு நாள் என்பதுதான். அந்த நாளைக் குறித்துக்கொண்டால்தான் மற்றவை பயன்படும். எந்தச் செய்தியானாலும், எழுதியதை ஹஜ்ரத் படித்து, "சரி" என்று சொன்ன பிறகே போகிறது. இதற்கு ஒரு நாள், இரண்டு நாள் தாமதமாகும். ஆகட்டும்.

மடலுக்கு எழுதுவது வேறு வேலை. ஐந்து செய்திகளையும் ஒட்டி அச்சடித்தால் அது மடலுக்கான கட்டுரை ஆகாது. வாட்ஸ்அப் செய்தியை நின்றபடி படிக்கிறார்கள். மடலையோ வீட்டில் எடுத்து வைத்து, கணவனும் மனைவியுமாகப் பேனாவோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆகவே மடலில் ஒரே ஒரு குடும்பத்தின் கணக்கை முதலிலிருந்து கடைசி வரை போடுகிறோம். ஹனஃபி குடும்பம், நகை 12 பவுன், அதாவது 96 கிராம், வேறு சேமிப்பும் கடனும் இல்லை. 87.48 கிராமைத் தாண்டிவிட்டது, வருடமும் நிறைந்துவிட்டது. 96 கிராமில் இரண்டரை சதவீதம் 2.4 கிராம். அன்றைய விலையில் அதன் பெறுமதியைக் கொடுத்தால் போதும். இதற்குக் கீழே, உங்கள் நகை, உங்கள் பணம், உங்கள் கடன் என்று எழுத மூன்று வெற்றுக் கோடுகளும், கணக்கு நாளைக் குறிக்க ஒரு கோடும் விடுகிறோம்.

இது பயன்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கட்டைவிரல் காட்டினார்கள் என்பதை நாம் எண்ணுவதில்லை. அந்தத் தவறான ஒரு வரிக்கும் நிறையக் கட்டைவிரல் வந்தது. திரும்பி வருகிற கேள்விகளைத்தான் கவனிக்கிறோம். "நகைக்கு உண்டா, இல்லையா?" என்று கேட்டால் செய்தி புரியவில்லை என்று பொருள், அதைத் திருத்த வேண்டும். "எங்களிடம் இவ்வளவு நகை, இவ்வளவு கடன், எங்கள் கணக்கு நாள் இன்னது, சரியா?" என்று ஒரு தாய் கேட்டால், அவர் பேனாவை எடுத்துவிட்டார் என்று பொருள். சென்ற ரமலானில் மடலின் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு, கோடுகளை நிரப்பி, ஹஜ்ரத்திடம் நேரில் வந்தவர்கள் இருந்தார்கள். முன்பு சொன்ன அந்தத் தாயும் அவர்களில் ஒருவர்.

அடுத்த பயானுக்குக் கேள்வி எழுதவும், செய்தி எழுதவும் இன்னும் இரண்டு பேர் தேவை. ஒருவர் ஷாஃபிஈ குடும்பத்திலிருந்து வந்தால் நல்லது. எந்தச் சொல் விடுபட்டால் தம் வீட்டுக் கணக்கு மாறிப்போகும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

அல்லாஹ் நம் அமல்களை ஏற்றுக்கொள்வானாக, நம் எழுத்தால் யாருக்கும் கடமை தவறாமல் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.