திருப்பி வைத்த நகையும் ‘வரவு’ 18,500 ரூபாயும்

போன வாரம் மாதச் செலவை எப்படி எழுதுறதுன்னு பேசினோம். இன்னைக்கு என் வீட்டு நோட்டில் நானே பண்ண ஒரு தப்பைச் சொல்றேன். எனக்கு ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். வீடு கட்டினதும் அங்கேதான்.

வீட்டு லோன் 25 லட்சம். கட்டுற வீட்டுக்குப் பேங்கில் மொத்தமாகத் தர மாட்டாங்க, வேலை நடக்க நடக்கத்தான் விடுவாங்க. ரூஃப் காங்கிரீட் போடுற நேரத்தில் கையில் காசு இல்லை. மனைவியோட 10 பவுன் நகையை, அதாவது 80 கிராம், அடகு வச்சு மூன்றரை லட்சம் வாங்கினேன். அன்னைக்கு ராத்திரி நோட்டில் எழுதினேன்: ‘நகைக்கடன் வரவு 3,50,000.’

ஒரு வருஷம் கழித்து தவணை முடிஞ்சது. 9 சதவீத வட்டி, 31,500 ரூபாய். அசலும் வட்டியும் சேர்ந்து 3,81,500. அதற்குள்ள தங்கம் விலை ஏறியிருந்தது. அதே நகையைத் திருப்பி வச்சா நாலு லட்சம் கிடைக்கும்னாங்க. பழைய கடனை அடைச்சது போக 18,500 கையில் வந்தது. அதையும் வரவுன்னு எழுதினேன். கையிலிருந்து ஒரு ரூபாய் கட்டாமல் கடனும் ‘புதுப்பிச்சாச்சு’, மேல பணமும் வந்தாச்சு. சந்தோஷமா ஒரு வாஷிங் மெஷின் வாங்கினோம்.

மில்லில் பஞ்சு பேல்களைப் பேங்குக்கு அடமானம் காட்டிப் பணம் வாங்குவோம். அந்தப் பணத்தை நான் விற்பனையில் எழுதினால் ஆடிட்டர் நாற்காலியை விட்டே எழுந்திருவார். வீட்டில் அதையேதான் செய்திருக்கேன்.

சரியா எழுதினா எப்படி இருக்கும்? நோட்டில் இரண்டு பக்கம் போடுங்க. இடப்பக்கம் நம்மகிட்ட இருக்கிறது, வலப்பக்கம் நாம கொடுக்க வேண்டியது. நகை பேங்க் லாக்கருக்குப் போனாலும் நம்ம நகைதான், இடப்பக்கம் அப்படியே இருக்கும். பணம் மூன்றரை லட்சம் இடப்பக்கம் கூடும், கடன் மூன்றரை லட்சம் வலப்பக்கம் கூடும். நம்ம நிகர சொத்து ஒரு ரூபாய்கூட மாறலை. திருப்பி வச்ச அன்னைக்குக் கடன் 50,000 கூடியிருக்கு. அதில் 18,500தான் கைக்கு வந்தது. மீதி 31,500 வட்டி. அதுதான் உண்மையான செலவு. கையிலிருந்து போகாததால என் நோட்டில் அது எங்கேயுமே இல்லை.

வீட்டு லோன் மாதத் தவணையில் தப்பு தலைகீழா இருந்தது. எட்டரை சதவீதம், 20 வருஷம், மாதம் 21,696. முழுசையும் செலவுன்னு எழுதிட்டு இருந்தேன். முதல் மாதம் வட்டி 17,708, மீதி சுமார் 3,988 அசலில் கழியுது. அந்த 3,988 செலவு இல்லை, வலப்பக்கம் குறையுற கடன். மூணு வருஷம் கட்டின பிறகு பாக்கி சுமார் 23,37,000. இந்தப் பிரிவு பேங்க் ஸ்டேட்மெண்டிலேயே இருக்கும், நாம கணக்குப் போட வேண்டாம்.

நகைக்கு என்ன மதிப்பு எழுதுறதுன்னு நிறைய பேர் கேட்பாங்க. பில் தொகையை எழுதாதீங்க. மூணு பவுன் நெக்லஸ், கிராம் 9,000 ரூபாய்னு வச்சுக்குங்க. தங்கம் 2,16,000. செய்கூலி, சேதாரம் 14 சதவீதம், மேல 3 சதவீதம் ஜி.எஸ்.டி. பில் 2,53,627. இடப்பக்கம் 2,16,000தான் போகணும். மிச்சம் 37,627 வாங்கின அன்னைக்கே செலவு. கல் வச்ச நகைன்னா கல் எடையைக் கழிச்சுடுங்க. நான் நோட்டில் கிராமைத் தனிப் பத்தியில் எழுதுறேன். வருஷக் கடைசியில் அன்றைய விலையைப் போட்டு, ஏறினதை ‘விலை மாற்றம்’னு தனியா வைக்கிறேன். அதைச் சம்பளத்தோட சேர்த்தா திரும்பவும் வாஷிங் மெஷின்தான்.

இரண்டு பக்கத்தையும் எழுதி முடிச்ச அன்னைக்கு மனைவி எட்டிப் பார்த்தாங்க. “ஏங்க, இந்தப் பக்கம் டெபாசிட் ஒன்றரை லட்சம் ஆறரை சதவீதத்தில் கிடக்கு, அந்தப் பக்கம் நகைக்கடன் ஒன்பதில் ஓடுது. எதுக்கு?” எனக்குப் பதில் இல்லை. அந்த ஒன்றரை லட்சத்துக்கு டெபாசிட்டில் வருஷம் 9,750 வரும், கடனில் 13,500 போகும். ஒரு லட்சத்தைக் கடனில் கட்டினோம். 50,000 அவசரத்துக்கு விட்டாச்சு. ஆனா பாருங்க, 10 பவுனையும் ஒரே கடனா வச்சிருந்ததால ஒரு வளையலைக்கூட மீட்க முடியலை. தனித்தனியா இரண்டு கடனா வச்சிருந்தா ஒண்ணை முடிச்சிருக்கலாம். அடுத்த முறை வைக்கும்போது அப்படித்தான்னு சொன்னேன். “அடுத்த முறையா?”ன்னு கேட்டுட்டு உள்ளே போயிட்டாங்க.